நியமனதாரரும் சட்டப்படியான வாரிசும்

வங்கி வைப்புக்கு உரியவர் இறந்தபின் தொகையைப் பெற்றுக்கொள்ள அவரால் பெயர் குறிக்கப்பட்டவரே நாமினி எனப்படும் நியமனதாரர்; அவரிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்கிறதே தவிர, பணம் அவருக்குச் சொந்தமாவதில்லை. திருமணத்துக்கு முன் தம்பியை நியமித்த இந்து ஆண் ஒருவர், தாம் சம்பாதித்த 9 லட்சம் ரூபாய் வைப்புடன், தாய், மனைவி, ஒரே மகள் ஆகியோரை விட்டு உயிலின்றி இறந்தால், தொகை தம்பியின் கைக்கு வந்தாலும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மூவருக்கும் தலா 3 லட்சம் சேர வேண்டும். தம்பி தர மறுத்தால் துக்கத்தின் நடுவே அவர்கள் நீதிமன்றம் ஏற நேர்கிறது. ஆனால் ஆயுள் காப்பீட்டில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், நியமிக்கப்பட்ட பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் பொதுவாகத் தொகைக்கு உரியவர்களாகவே ஆகின்றனர். வைப்பு முழுவதும் மனைவிக்கே சேர வேண்டுமானால், வெள்ளைத்தாளில் எழுதி, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, அவர்களும் கையொப்பமிட்ட உயிலே போதும். முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை.