சந்தேகத்துக்குக் கணக்கு வைத்த கதை

கால்மன் ஃபில்டர் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "கணிப்பையும் அளவீட்டையும் கலந்து நல்ல விடை தரும் முறை." தப்பில்லை. ஆனால் கலப்பது மட்டும்தான் விஷயம் என்றால் அதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல அளவீடுகளைச் சேர்த்து நல்ல விடை எடுக்கும் வித்தையைக் காஸ் 1809-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். அப்படின்னா கால்மன் புதிதாக என்ன செய்தார்? அதில் என்ன கோளாறு வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிடுவோம். அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு ஒரு மாட்டுவண்டி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மாடு சுமாராக நிமிஷத்துக்கு 60 மீட்டர் நடக்கும். வண்டிக்காரர் பையில் ஒரு மலிவான போன் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும், ஆனால் 100 மீட்டர் முன்னே பின்னே சொல்லும். நாம் அரூரில் உட்கார்ந்துகொண்டு வண்டி எங்கே என்று சொல்ல வேண்டும்.

இப்போது வண்டி அரூரிலிருந்து 2000 மீட்டரில் இருப்பதாக நம் கணக்கு. அந்தக் கணக்கில் 30 மீட்டர் பிழை இருக்கலாம். பத்து நிமிஷம் கழித்து 2600-ல் இருக்க வேண்டும். ஆனால் மாடு கடிகாரம் இல்லையே. இந்தப் பத்து நிமிஷ நடையில் மட்டும் 40 மீட்டர் கூடவோ குறையவோ போகலாம். பழைய பிழை 30, புதுப் பிழை 40. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பிழைகளை அப்படியே கூட்டக்கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்: 900-ம் 1600-ம் சேர்ந்து 2500, அதன் வர்க்கமூலம் 50. ஆகக் கணிப்பு: 2600 மீட்டர், பிழை 50.

அப்போது போன் 2700 என்கிறது, பிழை 100. யாரை நம்புவது? பிழையின் வர்க்கம் கணிப்புக்கு 2500, போனுக்கு 10000. போன் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது:

K = 2500 / (2500 + 10000) = 0.2

போனுக்கும் கணிப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் 100 மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 மீட்டர் மட்டும் நகர்கிறோம். வண்டி 2620-ல் இருக்கிறது. பிழையின் வர்க்கமும் 2500-லிருந்து 2000 ஆகக் குறைகிறது. சுமார் 45 மீட்டர். போனை மட்டும் நம்பினால் 100, கணிப்பை மட்டும் நம்பினால் 50. இரண்டையும் சேர்த்தால் இரண்டையும்விடக் குறைவு. அடுத்த பத்து நிமிஷத்துக்கு இந்த இரண்டு எண்களை, 2620-ஐயும் 2000-ஐயும், வைத்துக்கொண்டால் போதும். பழைய அளவீடுகள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வரலாறு இருக்கிறது. யுத்தகாலத்தில் நார்பர்ட் வீனரும், அவருக்குத் தொடர்பில்லாமல் ரஷ்யாவில் கோல்மகோரவும், இரைச்சலுக்கு நடுவிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் கணிதத்தை உருவாக்கியிருந்தார்கள். ஆனால் வீனர் வழி, நீண்டகால இயல்பு மாறாத சமிக்ஞைகளுக்கானது. புறப்பட்ட வண்டிக்கு ஒத்துவராது. புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்கா வந்த ருடால்ஃப் கால்மன், 1958 நவம்பர் கடைசியில் பிரின்ஸ்டனிலிருந்து பால்டிமோருக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ரயில் ஊருக்கு வெளியே நின்றுவிட்ட ராத்திரி நேரத்தில் இந்த யோசனை வந்தது என்பது பலரும் சொல்லும் செய்தி. சமிக்ஞை முழுவதையும் பார்க்காமல், "இந்தக் கணத்தில் அமைப்பின் நிலை என்ன" என்று கேட்டார். நிலையையும் அதன் பிழையையும் சேர்த்தே முன்னால் தள்ளினார். 1960-ல் கட்டுரை ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இதழில் வந்தது.

அதே வருஷம் கால்மன் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனார். அங்கே ஸ்டான்லி ஷ்மிட் என்பவரின் குழு ஒரு கேள்வியோடு திண்டாடிக்கொண்டிருந்தது: நிலவுக்குப் போகிற கலத்தில் உட்கார்ந்தபடியே, நட்சத்திரத்துக்கும் பூமிக்கும் இடையேயான கோணத்தை அளந்து, கலம் எங்கே என்று சொல்ல முடியுமா? ஷ்மிட் செய்த முக்கியமான வேலை, கணக்கை இரண்டாக உடைத்தது. நேரம் நகர நகரக் கணிப்பு ஒரு படி. அளவீடு வரும்போது திருத்தம் இன்னொரு படி. விண்வெளி வீரர் எப்போது அளப்பார் என்று யாருக்குத் தெரியும்? அளவீடு வராவிட்டால் முதல் படியை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். மேலே வண்டிக்குச் செய்ததும் இதே இரண்டு படிதான்.

அடுத்த சிக்கல் கணினியில் வந்தது. அப்பல்லோ கணினியின் ஒரு சொல்லுக்கு 15 பிட். இவ்வளவு குட்டையான எண்களில் பெரிதிலிருந்து பெரிதைக் கழித்துக்கொண்டே இருந்தால், பிழையின் வர்க்கமே ஒருநாள் மைனஸில் போய்விடும். வர்க்கம் மைனஸ் என்றால் கணக்கே போச்சு. எம்ஐடியில் ஜேம்ஸ் பாட்டர் இதற்கு எளிய வழி சொன்னார்: வர்க்கத்தை வைத்திருக்காதே, வர்க்கமூலத்தை வைத்திரு. வர்க்கமூலத்தை எப்போது வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் வராது. அப்பல்லோ அந்த வழியில்தான் போனது.

இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வண்டிக்கணக்கை மறுபடி பாருங்கள். 2500 எங்கிருந்து வந்தது? 900-லிருந்தும் 1600-லிருந்தும். 2000 எங்கிருந்து வந்தது? 2500-லிருந்தும் 10000-லிருந்தும். போன் சொன்ன 2700 இதில் எங்குமே இல்லை! போன் 2600 என்று சொல்லியிருந்தாலும் 5000 என்று சொல்லியிருந்தாலும் பிழை அதே 45 மீட்டர்தான். அதாவது ஃபில்டர் தன் சந்தேகத்தைக் கணக்கிடும்போது உலகத்தைப் பார்ப்பதே இல்லை. நாம் முதலில் கொடுத்த எண்களை நம்பிக் கணக்குப் போடுகிறது. அந்த எண்கள் தப்பென்றால், தான் தப்பு என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இது எவ்வளவு மோசமாகப் போகும்? மாடு கடிகாரம் மாதிரி நடக்கும் என்று யாரோ நினைத்து, அந்த 40 மீட்டரை அழித்துப் பூஜ்யம் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிழை குறைந்துகொண்டே போகும், கூடவே K-யும். பன்னிரண்டு அளவீட்டில், அதாவது இரண்டு மணி நேரத்தில், K 0.043 ஆகிவிடும். போன் சொல்வதில் நூற்றுக்கு நாலு பங்குதான் காதில் விழும். அப்போது வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட அரைமணி நேரம் நிற்கிறார். ஃபில்டர் நிற்கவில்லை. அரைமணி முடிவில் அது வண்டியை இருக்கும் இடத்துக்குச் சுமார் 1660 மீட்டர் முன்னால் காட்டும். கூடவே "என் பிழை 20 மீட்டர்" என்றும் சொல்லும். (போன் அந்த நேரம் சரியாகச் சொன்னதாக வைத்துப் போட்ட கணக்கு.)

40 மீட்டரை விட்டுவைத்திருந்தால்? K போகப்போக 0.33 பக்கம் வந்து அங்கேயே நிற்கும், பூஜ்யத்துக்குப் போகாது. அந்த ஃபில்டரும் ஏமாறும், சுமார் 860 மீட்டர். ஆனால் வண்டி மறுபடி கிளம்பி ஐம்பது நிமிஷத்தில் அதன் தப்பு 120 மீட்டருக்குள் வந்துவிடும். தன்னை நம்பிவிட்ட ஃபில்டரோ அப்போதும் சுமார் 1400 மீட்டர் தள்ளி நிற்கும்.

இதற்கு 'டைவர்ஜென்ஸ்' என்று பெயர். 1967-ல் இதையே தலைப்பாக வைத்து அமெரிக்க விண்வெளி இதழில் கட்டுரை வந்தது. அப்பல்லோ ஆட்கள் அதற்கு நடைமுறையில் தடுப்பு வைத்திருந்தார்கள். திருத்தம் எவ்வளவு என்று கணினி வீரருக்குத் திரையில் காட்டும், அவர் ஏற்கலாம், தள்ளலாம். பிழைக் கணக்கு ரொம்பச் சுருங்கிவிட்டால் அதை மறுபடி பெரிதாக்கித் தொடங்கவும் வழி இருந்தது.

இதற்குக் கணிதத்தில் தெளிவான இடம் கொடுத்தவர் நம்மூர் ஆள். பூனாவில் 1935-ல் பிறந்த மலையாளி தாமஸ் கைலாத். ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது 1968-ல் எழுதிய கட்டுரையில் அவர் பார்வையை நிலையிலிருந்து வித்தியாசத்துக்குத் திருப்பினார். போன் 2700, கணிப்பு 2600. அந்த 100-தான் இந்த அளவீடு தந்த புதுச் செய்தி. மீதி நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. அதை 'இன்னோவேஷன்' என்றார்கள். ஃபில்டர் சரியாக இருந்தால் இந்த வித்தியாசங்களில் எந்த ஒழுங்கும் இருக்காது. ஒருமுறை கூட, ஒருமுறை குறைய, ஒன்றிலிருந்து அடுத்ததை ஊகிக்க முடியாமல் வரும். ஒழுங்கு தெரிந்தால், எடுக்க வேண்டிய செய்தியை ஃபில்டர் எடுக்காமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். 1970-ல் ராமன் மெஹ்ரா இதையே சோதனையாக்கி, வித்தியாசங்களைக் கொண்டே அந்த 40, 100 மாதிரியான எண்களைத் திருத்தும் வழியைக் காட்டினார்.

நின்ற வண்டியில் போட்டுப் பாருங்கள். ஃபில்டர் எதிர்பார்க்கும் வித்தியாசம் 102 மீட்டர் அளவு. வந்ததோ மைனஸ் 600, மைனஸ் 1175, மைனஸ் 1728. அளவு ஆறு மடங்கு, பதினோரு மடங்கு, பதினேழு மடங்கு. அதுவும் எல்லாம் ஒரே பக்கம். முதல் எண்ணிலேயே உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். "என் பிழை 20 மீட்டர்" என்ற வரியைப் பார்த்தவருக்கு எதுவும் தெரியாது. வித்தியாசத்தின் வரியைப் பார்த்தவருக்கு எல்லாம் தெரியும். அதனால் இந்த மாதிரிக் கணக்கு எழுதும் யாரும் விடையோடு இந்த வரியையும் தனியாக எழுதி வைப்பது வழக்கம்.

இந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. போன் எப்போதும் சரியாக 200 மீட்டர் முன்னால்தான் காட்டுகிறது என்றால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் ஃபில்டரும் அந்த 200 மீட்டரை விழுங்கிக்கொண்டு முன்னால் போய் நிற்கும். அதற்கப்புறம் வித்தியாசங்கள் அழகாகப் பூஜ்யத்தைச் சுற்றியே வரும். சோதனையில் பாஸ், இடம் தப்பு. ஒரே கருவி, ஒரே பக்கமாகச் சொல்லும் பொய்யை அந்தக் கருவியை வைத்தே பிடிக்க முடியாது. அதற்கு வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும் நேரத்தை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.