மதிப்பிழப்பு அறிவிப்பில் புதுச் செய்தி எது? ஹியூலட்-பேக்கர்ட், ஆட்டானமி குறித்து ஒரு மறுவாசிப்பு

நற்பெயரைப் போக்கெழுதும் அறிவிப்பு வெளிவந்த அன்று பங்கு விலை சரிந்தால், அந்தச் சரிவைப் போக்கெழுதிய தொகையின் விளைவாகவே கொள்வது இத்துறை ஆய்வுகளில் நெடுநாள் வழக்கம். எதிர்கால ரொக்க வரவைப் பற்றி நிர்வாகம் மட்டுமே அறிந்திருந்த ஒன்று மதிப்பிழப்புத் தொகையாக வெளியே வருகிறது, சந்தை அதைக் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது என்பது அந்த வாசிப்பின் அடிப்படை. இந்த அடிப்படை தலைகீழாக உள்ளது என்பது என் வாதம். தொகையின் பெரும்பகுதி சந்தை முன்பே அறிந்த பழைய செய்தி. புதுச் செய்தி இருப்பது தொகைக்குச் சொல்லப்படும் காரணத்தில். அந்தக் காரணமோ தணிக்கைக்கு மிகக் குறைவாக உட்படும் பகுதி. ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் 2012 நவம்பர் 20 அன்று வெளியிட்ட அறிக்கையைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பலரும் கையாண்ட ஆவணம்தான் இது. ஆனால் அதன் முதல் காரணத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. இரண்டாவது காரணத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஆட்டானமி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய மென்பொருள் நிறுவனம். அதை ஒரு பங்குக்கு 25.50 பவுண்டு கொடுத்து வாங்கப்போவதாக ஹியூலட்-பேக்கர்ட் 2011 ஆகஸ்டு 18 அன்று அறிவித்தது. அக்டோபரில் வாங்கி முடித்தது. மொத்த விலை ஏறத்தாழ 1100 கோடி டாலர். அதில் சுமார் 690 கோடி டாலர் இருப்புநிலைக் குறிப்பில் நற்பெயராக ஏறியது. வாடிக்கையாளர் தொடர்பு, தொழில்நுட்பம் போன்ற பிற புலனாகாச் சொத்துகள் தனியாக ஏறின. ஓராண்டு கழித்து, 2012 அக்டோபர் 31-இல் முடிந்த காலாண்டில், 880 கோடி டாலர் போக்கெழுதப்பட்டது. அதில் 570 கோடி நற்பெயர், 310 கோடி பிற புலனாகாச் சொத்துகள். நற்பெயரில் எஞ்சியது 120 கோடி அளவே.

நவம்பர் 20 அறிக்கை இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறது. 880 கோடியில் 500 கோடிக்கும் மேற்பட்ட பகுதி, ஆட்டானமியின் முன்னாள் நிர்வாகத்தினர் சிலர் கணக்கில் செய்த முறைகேடுகளால் வந்தது என்பது முதலாவது. நட்டத்துக்கு விற்ற வன்பொருளை மென்பொருள் வருவாய்போலக் காட்டியது, இறுதி வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோதே இடைநிலை மறுவிற்பனையாளருக்கு உரிமம் விற்றதாக வருவாய் எழுதியது ஆகியவை அந்தக் குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. எஞ்சிய தொகைக்குச் சொல்லப்பட்ட காரணம், ஹியூலட்-பேக்கர்ட் பங்கின் அண்மைக்கால விலையும், இரு நிறுவனங்களும் இணைவதால் கிடைக்கும் என்று எதிர்பார்த்த பலன் கைகூடாததும்.

பங்கின் விலை என்று சொன்ன இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வாங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் மதிப்பு குறைந்ததற்கு, வாங்கிய நிறுவனத்தின் பங்கு விலை எப்படிக் காரணமாகும்?

சோதனை நடக்கும் விதத்தில் விடை இருக்கிறது. நற்பெயரை அப்படியே தனியாக மதிப்பிட முடியாது. அது எந்த அறிக்கை அலகில் உள்ளதோ, அந்த அலகின் நியாய மதிப்பை அதன் ஏட்டு மதிப்போடு ஒப்பிடுகிறார்கள். நியாய மதிப்பைப் பெரும்பாலும் எதிர்கால ரொக்க வரவை ஒரு வீதத்தில் கழித்துக் கணிக்கிறார்கள். வளர்ச்சி எவ்வளவு, வீதம் எவ்வளவு என்பதெல்லாம் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அரை விழுக்காடு மாறினாலும் முடிவு புரண்டுவிடும். இந்தத் தளர்ச்சிக்கு ஒரே கடிவாளம், எல்லா அலகுகளின் நியாய மதிப்பையும் கூட்டினால் வரும் தொகை நிறுவனத்தின் சந்தை மதிப்போடு பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை. கட்டுப்பாட்டு உரிமைக்காகச் சற்றுக் கூடுதல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விலகினால் தணிக்கையாளர் கேள்வி எழுப்புவார்.

இப்போது எண்களைப் பொருத்திப் பார்க்கலாம். போக்கெழுதிய பின் 2012 அக்டோபர் 31-இல் ஹியூலட்-பேக்கர்ட்டின் பங்குதாரர் நிதி ஏறத்தாழ 2240 கோடி டாலர். வரி விளைவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், போக்கெழுதுமுன் அது 3100 கோடியை ஒட்டி இருந்திருக்கும். அன்று சுமார் 196 கோடி பங்குகள், ஒவ்வொன்றும் 14 டாலருக்குச் சற்றே கீழே. ஆக, சந்தை மதிப்பு ஏறத்தாழ 2700 கோடி. ஏடு சந்தையை விட 400 கோடி மேலே நின்றது. அந்த இடைவெளியைத் தணிக்கையாளர் முன் நியாயப்படுத்துவது கடினம். எந்த அலகிலாவது குறைத்தாக வேண்டும். ஆட்டானமியே அதற்கு எளிதாக அகப்பட்டது. காரணம், ஓராண்டுக்கு முன்புதான் அது வாங்கிய விலைக்கே ஏட்டில் ஏறியிருந்தது. பழைய அலகுகளில் ஏட்டில் ஏறாத, நிறுவனமே வளர்த்த மதிப்பு ஒரு தாங்கு மெத்தையாக இருக்கும். விலை சரிந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். புதிதாக வாங்கித் தனி அலகாக வைத்ததில் அந்த மெத்தை இல்லை. முதல் நாளிலேயே ஏட்டு மதிப்பும் நியாய மதிப்பும் சமம்.

ஆக, பங்கு விலை சரிந்தது, அதனால் மதிப்பிழப்பு வந்தது. மதிப்பிழப்பு வந்ததால் பங்கு விலை சரிந்தது என்று அதே தொகையை வைத்துப் பேசுவது இதற்குப் பிறகு கடினம். நிர்வாகமே தன் அறிக்கையில் திசையை எழுதிவைத்திருக்கிறது.

வாங்கும் விலையைப் பற்றிச் சந்தை தன் தீர்ப்பை முன்பே சொல்லிவிட்டது என்பதற்கும் சான்று உண்டு. வாங்கப்போவதாக அறிவித்த மறுநாள், 2011 ஆகஸ்டு 19 அன்று, ஹியூலட்-பேக்கர்ட் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. அதே அறிவிப்பில் தனிநபர் கணினித் தொழிலைப் பிரிக்க ஆலோசிப்பதும், டச்பேட் கருவியைக் கைவிடுவதும் இருந்தன. எனவே முழுச் சரிவையும் ஆட்டானமிக்கு எழுத நான் துணியமாட்டேன். ஆனால் 2012 நவம்பர் வரை முதலீட்டாளர் இந்த விலையில் குறை காணவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கும் அறிவிப்புக்கு அடுத்த மாதமே, 2011 செப்டம்பரில், தலைமைச் செயல் அதிகாரி லியோ அப்போதெக்கர் நீக்கப்பட்டார்.

இன்னும் வலுவான ஒப்பீடு அதே நிறுவனத்தில், அதே ஆண்டில் கிடைக்கிறது. 2012 ஆகஸ்டு 8 அன்று, சேவைப் பிரிவின் நற்பெயரில் ஏறத்தாழ 800 கோடி டாலரைப் போக்கெழுதப்போவதாக அது அறிவித்தது. அந்த நற்பெயரின் பெரும்பகுதி 2008-இல் இ.டி.எஸ். நிறுவனத்தை வாங்கியதிலிருந்து வந்தது. அன்று பங்கு சரியவில்லை, சற்றே உயர்ந்தது. நவம்பரில் 880 கோடி அறிவித்தபோது 12 விழுக்காடு சரிந்து 11.71 டாலரில் முடிந்தது. தொகையே செய்தி என்றால், ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு செய்திகளுக்கு இப்படி எதிரெதிரான மறுமொழி வந்திருக்காது. இரண்டு நாள்களிலும் வேறு தகவல்களும் கலந்திருந்தன என்பதை மறைக்கவில்லை: ஆகஸ்டில் காலாண்டு லாப மதிப்பீடு உயர்த்தப்பட்டது, நவம்பரில் காலாண்டு முடிவுகளே சோர்வாக இருந்தன. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. சேவைப் பிரிவு தேய்வதைச் சந்தை நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டானமியில் முறைகேடு என்று ஹியூலட்-பேக்கர்ட் வெளிப்படையாகச் சொன்னது அன்றுதான். 12 விழுக்காட்டுச் சரிவை டாலராக்கினால் சுமார் 310 கோடி. போக்கெழுதியதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் முதல் காரணத்துக்கு வர வேண்டும். அறிவிப்பில் புதிதாக இருந்தது அந்த 500 கோடி என்ற எண்ணும், அது யார்மீது சுமத்தப்பட்டதோ அந்த ஆட்களும். அந்த எண்ணை நீதிமன்றம் பின்னர் எடைபோட்டது என்பதால்தான் இந்த நிகழ்வு ஆய்வாளருக்கு அரிதாகக் கிடைத்த வாய்ப்பாகிறது. லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹில்டியார்டு 2022-இல் அளித்த தீர்ப்பு பெரும்பாலும் ஹியூலட்-பேக்கர்ட் பக்கமே நின்றது. முறைகேடு நடந்தது என்று கண்டது. அதற்கு முன், 2018-இல், ஆட்டானமியின் நிதித் தலைவர் சுஷோவன் ஹுசைன் சான் பிரான்சிஸ்கோவில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். நிறுவனர் மைக் லிஞ்ச் 2024 ஜூனில் அங்கேயே குற்றவியல் வழக்கிலிருந்து விடுதலையானார். இழப்பின் அளவு குறித்த தீர்ப்பு 2025 ஜூலையில் வந்தது. ஆட்டானமியின் உண்மை நிலை தெரிந்திருந்தால் ஹியூலட்-பேக்கர்ட் பங்குக்கு 23 பவுண்டு கொடுத்திருக்கும் என்று நீதிபதி முடிவு செய்தார். 25.50-க்கும் 23-க்கும் உள்ள வேறுபாட்டின்படி இழப்பு 64.6 கோடி பவுண்டு. மற்ற இனங்களைச் சேர்த்தாலும் 75 கோடி பவுண்டை எட்டவில்லை.

ஆக, முறைகேடு விலையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயர்த்தியிருந்தது. ஓராண்டுக்குள் ஏட்டிலிருந்து போனதோ பத்தில் எட்டுப் பங்கு. நீதிமன்றம் கேட்ட கேள்வியும் கணக்காளர் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்னது, 2011-இல் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று கேட்டது; பின்னது, 2012 இறுதியில் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்டது. எனவே இரண்டு தொகைகளும் துல்லியமாகப் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் 500 கோடி டாலருக்கு மேல் என்ற எண்ணை முறைகேட்டுக்கு ஒதுக்கியது நிறுவனமே. அப்படி ஒதுக்க எந்தக் கணக்கியல் தரமும் கோரவில்லை. தரம் கேட்பது அலகின் மதிப்பு குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே. யாரால் குறைந்தது என்று பங்கிட்டுக் காட்டுவதற்கு அதில் வழிமுறை இல்லை. அந்தப் பங்கீட்டைச் செய்தபோது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த மெக் விட்மன், வாங்குவதற்கு ஒப்புதல் அளித்த இயக்குநர் குழுவில் 2011-இலேயே இருந்தவர். கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்பதை விட ஏமாற்றப்பட்டோம் என்பது எந்த இயக்குநர் குழுவுக்கும் சொல்ல எளிது. இதில் தீய நோக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்பவருக்கு அந்தக் காரணத்தில் நலன் இருந்தது என்பதை மட்டும் சுட்டுகிறேன். வாசிப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரே நிகழ்வைக் கொண்டு பொதுவாகப் பேசலாமா என்ற ஆட்சேபம் வரும். ஆனால் ஆயிரக்கணக்கான அறிவிப்புகளின் சராசரியில் தொகை ஒருபுறமும் காரணம் ஒருபுறமும் பிரிந்து தெரிவதே இல்லை. பிரித்துக் காட்ட ஒரு நிகழ்வைத்தான் அருகிருந்து பார்க்க வேண்டும். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களின்படி சோதனை சற்று வேறாக நடக்கிறது என்பதும் இங்கே பொருட்டல்ல; சந்தை மதிப்பு ஏட்டு மதிப்புக்குக் கீழே போவதை அந்தத் தரங்களும் மதிப்பிழப்பின் அறிகுறியாகவே பட்டியலிடுகின்றன.

முதலீட்டாளர் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், போக்கெழுதிய தொகையைக் கடைசியில் பாருங்கள் என்பேன். அதற்கு முன் பார்க்க வேண்டியது, எந்த அலகில் நற்பெயர் வைக்கப்பட்டுள்ளது, அந்த அலகின் நியாய மதிப்பு ஏட்டு மதிப்பை விட எத்தனை விழுக்காடு மேலே இருப்பதாக முந்தைய ஆண்டறிக்கை சொன்னது, கழிவு வீதம் ஓராண்டில் எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பவை. வீதம் உயர்ந்து ரொக்க வரவு அப்படியே இருந்தால், சந்தையின் பழைய தீர்ப்பை ஏடு நகலெடுத்திருக்கிறது. ரொக்க வரவின் கணிப்பே குறைக்கப்பட்டிருந்தால்தான் நிர்வாகம் புதிதாக ஒன்றைச் சொல்கிறது. ஹியூலட்-பேக்கர்ட்டின் நவம்பர் 20 அறிக்கை, இந்த இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. யார்மீது பழி என்பதை மட்டும் டாலர் கணக்கில் பிரித்துச் சொன்னது.