எண்ணூர் அமோனியா: எண்ணும் நிபந்தனையும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கரையருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். ஆலை வாயிலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகவும், வரம்பு 400 என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

இதை வைத்து வார்டு கவுன்சிலருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ கொள்கைக் குறிப்பு எழுதுபவர் கையில் முதலில் வரும் வாக்கியம் இது: "அமோனியா, அனுமதித்த அளவைப்போல் ஐந்து மடங்கு இருந்தது." வகுத்தல் சரி, ஒப்பீடுதான் சரியில்லை. 400 என்பது 2009ஆம் ஆண்டு தேசியக் காற்றுத்தர நெறியில் 24 மணிநேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 எத்தனை மணிநேர அளவு என்பதைச் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது. மறுதரப்பு இதை எளிதில் திருப்பிவிடும்: 2,090 மைக்ரோகிராம் என்றால் ஏறத்தாழ 3 பிபிஎம்; தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நையோஷ் பரிந்துரைக்கும் வரம்போ 25 பிபிஎம். ஆக, ஆபத்தே இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த 25 பிபிஎம் வரம்பு வேலை நேரத்தில் உடல்நலமுள்ள தொழிலாளிக்கானது. குப்பத்துக் கைக்குழந்தைக்கு வகுத்ததல்ல. நள்ளிரவில் குடிசைக்குள் மக்கள் சுவாசித்த அளவை இரு ஒப்பீடுகளும் சொல்லவில்லை.

எண் எந்த இடத்துக்கு, எத்தனை மணிநேரத்துக்குப் பொருந்தும் என்ற நிபந்தனையைப் பின்குறிப்பில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஆய்விதழ் வாசகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். கவுன்சிலர் கைக்குப் போவது பெரும்பாலும் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ். பின்குறிப்புகளை முதலில் படிப்பவர் மறுதரப்பு வழக்கறிஞர். எனவே எண்ணின் பொருளை மாற்றக்கூடிய எதுவும் உடற்பகுதியிலேயே நிற்க வேண்டும். எண்ணைச் சரிபார்க்கும் வழி மட்டும் பின்குறிப்புக்குப் போகலாம்.

அப்படி எழுதினால் அந்த வாக்கியம் இப்படி வரும்: "ஆலை வாயிலருகே எடுத்த அளவு, ஒருநாள் சராசரிக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. கசிவு உச்சத்தில் இருந்தபோது வீடுகளுக்குள் எவ்வளவு இருந்தது என்பதை இந்த அளவு காட்டாது." பின்குறிப்பில் வாரிய அறிவிப்பின் தேதி, அளந்த இடம், நேரம், கருவி, பிபிஎம் மாற்றக் கணக்கு. அறிவிப்பில் நேரம் இல்லையென்றால் "நேரம் தரப்படவில்லை" என்றே எழுத வேண்டும். செய்தித்தாளில் பார்த்த எண்ணுக்கு வாரிய அறிவிப்பை மேற்கோளாகக் காட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது மோசடிக்கு ஓரடி முன்னால் நிற்பது.

மேலே திருத்தி எழுதியதில் வரும் இரண்டாவது வாக்கியம் வாதத்தைப் பலவீனமாக்கும் என்று பலர் அதை நீக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. குடியிருப்புக்குள் அளவு இல்லை என்ற அந்த வாக்கியத்திலிருந்துதான், குப்பங்களில் நிமிடக் கணக்கில் பதிவாகும் அமோனியா உணரிகள் வேண்டும், பதிவுகள் மக்கள் பார்வைக்கு வேண்டும் என்ற கோரிக்கை பிறக்கிறது. அதை நீக்கிய குறிப்பில் கோரிக்கைக்குக் காரணமே இருக்காது.