எழுத்தால் தொகை எழுதுதல்

எழுத்தால் தொகை எழுதுதல் என்பது காசோலை, பத்திரம், ரசீது ஆகியவற்றில் இலக்கத்தால் குறித்த தொகையைச் சொற்களாலும் எழுதும் முறை. இலக்கத்தில் ஒரு சுழியம் எளிதில் நுழைந்துவிடும். சொல்லில் அது கடினம். இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 18-இன்படி இரண்டும் முரண்பட்டால் சொல்லில் உள்ள தொகையே செல்லும். நடைமுறையிலோ வங்கிகள் அத்தகைய காசோலையைத் திருப்பிவிடுவதே வழக்கம்.

தமிழில் அடுத்து எண் தொடர்ந்தால் முந்தைய சொல் உருமாறும்: லட்சம் 'லட்சத்து' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும், நூறு 'நூற்று' ஆகும். 1,09,900 என்பது 'ரூபாய் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் மட்டும்'. ஆங்கிலப் படிவத்தில் இதுவே 'ருபீஸ் ஒன் லாக் நைன் தவுசண்ட் நைன் ஹண்ட்ரட் ஒன்லி'.

வழுக்கும் இடம் இதுதான். தொள்ளாயிரம் 'ஆயிரம்' என முடிந்தாலும் அதன் மதிப்பு 900, ஒன்பதாயிரமோ 9,000. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் 'ஹண்ட்ரட்' எங்கே போயிற்று என்று தேடுவார். 'மட்டும்' என்ற சொல்லும் அலங்காரமல்ல. பின்னால் எதையும் சேர்க்கவிடாமல் அது அடைக்கிறது.

வெளிநாட்டு ஆவணமானால் காற்புள்ளியும் இடம் மாறும். 12,50,000 அங்கே 1,250,000; பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் 'ஒன் மில்லியன் டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி தவுசண்ட்' ஆகிறது. இரண்டு வடிவையும் இலக்கமாகத் திருப்பி எழுதி ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். காசோலையில் தொகையை அடித்துத் திருத்தினால் பட வழித் தீர்வு முறையில் அது ஏற்கப்படாது. புதுத் தாள்தான் எழுத வேண்டும்.