உதிரப்போக்கும் 72 மணி நேரமும்: ஆன்டி-டி ஊசி கடந்துவந்த வழி

1937இல் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது கர்ப்பத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. உதிரப்போக்கு அதிகமாக இருந்ததால் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவருக்கும் ஓ வகை. அந்தக் காலத்து அறிவின்படி அதில் ஆபத்து ஏதும் இருக்கக்கூடாது. ஆனால் ரத்தம் ஏறிய சிறிது நேரத்தில் அவருக்குக் குளிர் நடுக்கம் கண்டது, கால்களிலும் தலையிலும் வலி எடுத்தது, பிறகு சிறுநீர் சிவந்து வந்தது. பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் அவருடைய ரத்தநீரை வேறு பலரின் ஓ வகை ரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேரின் ரத்தம் திரிந்து கட்டியானது. 1939இல் அவர்கள் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு யூகம் இருந்தது: தந்தையிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒரு பொருள் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதை அந்நியமென்று கண்டு அவர் உடல் எதிர்ப்பொருள் செய்திருக்கிறது.

அந்தப் பொருளுக்கு அவர்கள் பெயரிடவில்லை. மறு ஆண்டு லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களைக் கொண்டு செய்த சோதனையிலிருந்து ‘ஆர்ஹெச்’ என்ற பெயர் வந்தது. இன்று நாம் ‘நெகட்டிவ் ரத்தம்’ என்று சொல்வது, சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற அந்தப் பொருள் இல்லாத ரத்தத்தை. தாய் நெகட்டிவாகவும் வயிற்றிலுள்ள குழந்தை பாசிட்டிவாகவும் இருந்து, குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், அவர் உடல் டி-க்கு எதிர்ப்பொருள் செய்யக்கூடும். அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேராது. எதிர்ப்பொருள் உருவாக வாரங்கள் பிடிக்கும்; அதற்குள் குழந்தை பிறந்துவிடும். அடி விழுவது அடுத்த குழந்தைக்கு. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சைக் கடந்து போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். சோகை, நீர்க்கோவை, பிறந்ததும் ஏறும் கடும் மஞ்சள் காமாலை, சில நேரம் வயிற்றிலேயே மரணம் என்று அது முடியும்.

தீர்வுக்கான முதல் தடயம் ஒரு விதிவிலக்கிலிருந்து கிடைத்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ஏ, பி, ஓ வகையும் பொருந்தாமல் இருந்தால், டி-க்கு எதிர்ப்பொருள் உண்டாவது குறைவு என்று லெவின் 1940களிலேயே கண்டிருந்தார். காரணம் எளிது. தாய் ஓ, குழந்தை ஏ என்றால், தாயின் ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் ‘ஏ எதிர்ப்பொருள்’ குழந்தையின் அணுக்களை வந்தவுடன் அழித்துவிடும். தாயின் உடல் டி-யைக் கவனிக்க அவகாசமே இல்லை. லிவர்பூலில் பட்டாம்பூச்சிகளின் மரபியலை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் சிரில் கிளார்க்கும் அவருடைய மாணவர் ரொனால்ட் ஃபின்னும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இயற்கை செய்வதை நாமே செய்தால் என்ன? பிரசவமானதும் தாய்க்கு டி எதிர்ப்பொருளையே ஊசியாகப் போட்டால், குழந்தையின் அணுக்கள் அகன்றுவிடும். தாயின் உடல் அவற்றை அறிந்துகொள்ளவே வேண்டாம். முதல் முயற்சியில் அவர்கள் பயன்படுத்திய எதிர்ப்பொருள் வகை எதிர்விளைவைத் தந்தது. தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிட்டது போலிருந்தது. வேறொரு வகைக்கு, அதாவது ஐஜிஜி எனப்படும் எதிர்ப்பொருளுக்கு, மாறிய பிறகே பலன் தெரிந்தது.

அதே வேளையில் நியூயார்க்கில் வின்சென்ட் ஃபிரேடா, ஜான் கோர்மன், வில்லியம் பொல்லாக் மூவரும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சோதனைக்கு முன்வந்தவர்கள் சிங் சிங் சிறையின் நெகட்டிவ் ரத்தக் கைதிகள். பாசிட்டிவ் சிவப்பணுக்களை அவர்கள் உடலில் செலுத்தி, பிறகு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சிறைக்குள் ஆய்வாளர்கள் போய்வர மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வழியிருந்தது. அதனால் ஊசி 72 மணி நேரம் கழித்தே போடப்பட்டது, அப்படியும் பலித்தது. உலகமெங்கும் மருத்துவர்கள் சொல்லும் ‘72 மணி நேரத்துக்குள்’ என்ற விதி இப்படிப் பிறந்தது. அது உடலியல் வகுத்த எல்லை அல்ல, சிறைக்கதவு வகுத்தது. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு: நான்காம் நாள் வந்த பெண்ணிடம் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சொல்லி அனுப்பிவிடுவது தவறு. சீக்கிரம் போடுவதே நல்லது. ஆனால் பத்து நாள் வரை போட்டாலும் ஓரளவு காப்பு கிடைக்கும் என்பதால் பிரிட்டனின் வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறது.

1968இல் அமெரிக்காவில் ஊசிக்கு உரிமம் கிடைத்தது. அப்போது அது பிரசவத்துக்குப் பிந்திய ஊசி மட்டுமே. முன்பு பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் ஆறில் ஒருவருக்கு எதிர்ப்பொருள் உண்டாகிவந்தது. ஊசிக்குப் பின் நூற்றுக்கு ஒருவர் இருவராகக் குறைந்தது. அந்த ஒருவர் இருவர் யார் என்ற கேள்விதான் இந்தக் கதையை உதிரப்போக்கின் பக்கம் திருப்பியது.

கனடாவின் வின்னிபெக்கில் ஜான் பௌமன் அவர்களைத் தேடினார். ஊசி பலிக்காமல் போனவர்கள் அல்ல அவர்கள். பிரசவத்துக்கு முன்பே, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டவர்கள். பிரசவத்துக்குப் பிந்திய ஊசி அவர்களுக்குத் தாமதமாக வந்தது. ஊசி ஏற்கெனவே உண்டான எதிர்ப்பொருளை அழிக்காது. உண்டாகாமல் தடுப்பது மட்டுமே அதனால் முடியும். இதனால் 28ஆம் வாரத்தில் எல்லா நெகட்டிவ் கர்ப்பிணிகளுக்கும் ஒரு ஊசி என்ற வழக்கம் வந்தது. தோல்வி நூற்றுக்கு ஒருவர் இருவரிலிருந்து ஆயிரத்துக்கு ஓரிருவராக இறங்கியது.

ஆனால் கர்ப்பத்தின் நடுவில் உதிரம் போகும்போது 28ஆம் வாரம் வரை காத்திருக்க முடியாது. நஞ்சு கருப்பையிலிருந்து சிறிது பிரிந்தாலும், அங்கே அருகருகே ஓடும் இருவர் ரத்தமும் கலந்துவிடலாம். வெளியே வருவது பெரும்பாலும் தாயின் ரத்தம். உள்ளே கலந்தது எவ்வளவு என்பதை வெளியே வந்த அளவு சொல்லாது. 1957இல் ஜெர்மனியில் கிளைஹவுவரும் கூட்டாளிகளும் ஒரு எளிய சோதனையைச் செய்து காட்டினார்கள். தாயின் ரத்தப் பூச்சை அமிலத்தில் கழுவினால் பெரியவர்களின் சிவப்பணு வெளிறிப் போகும். சிசுவின் அணு சாயத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பாக நிற்கும். நுண்ணோக்கியில் எண்ணினால் எத்தனை சதவீதம் கலந்தது என்று தெரியும். உதிரப்போக்கும் ஆன்டி-டியும் சேர்ந்த கணக்கு இதிலிருந்து தொடங்குகிறது.

ஒரு நிகழ்வாக எடுத்துப் பார்க்கலாம். 34 வாரக் கர்ப்பிணி, பி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். தொடக்கத்தில் பார்த்த கூம்ப்ஸ் சோதனையில் எதிர்ப்பொருள் இல்லை. 28ஆம் வாரம் 300 மைக்ரோகிராம் ஊசி போட்டாயிற்று. இப்போது நஞ்சு கீழே இருப்பதால் வலியில்லாமல் உதிரம் கொட்டி, துணி நனைந்து, நின்றுவிட்டது. ‘ஆறு வாரம் முன்புதானே போட்டது, மறுபடி எதற்கு?’ என்ற கேள்வி இங்கே எழும். வீட்டார் மட்டுமல்ல, சில நேரம் பணியிலிருக்கும் இளம் மருத்துவரும் கேட்பார். பதில்: 28ஆம் வார ஊசி சொட்டுச் சொட்டாகக் கசியும் ரத்தத்துக்கானது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவரும் அதில் இப்போது கால் பங்கே மிச்சம். புதிய உதிரப்போக்குக்குப் புதிய ஊசி.

ஊசிக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். கூம்ப்ஸ் இப்போது லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம். அது பெரும்பாலும் 28ஆம் வாரத்தில் நாமே செலுத்திய எதிர்ப்பொருள்தான். அதை ‘எதிர்ப்பொருள் வந்துவிட்டது, இனி ஊசி வீண்’ என்று படித்து ஊசியை நிறுத்திவிடுவதே இந்தத் துறையில் நான் மிகவும் அஞ்சும் பிழை. செலுத்தியது குறைந்த அளவிலேயே நின்று வாரங்களில் தேயும்; உடலே செய்தது ஏறிக்கொண்டு போகும். சந்தேகமிருந்தால் ஊசியைப் போட்டுவிட்டு அளவைத் தொடர்ந்து பார்க்கலாம்.

கிளைஹவுவர் சோதனையில் சிசுவின் அணு 0.6 சதவீதம் என்று வந்தது என்போம். தாயின் மொத்த ரத்தம் ஏறத்தாழ 5000 மி.லி.; அதில் 0.6 சதவீதம் 30 மி.லி. ஒரு 300 மைக்ரோகிராம் குப்பி 30 மி.லி. சிசு ரத்தத்துக்குத் தாங்கும் என்பதால் ஒரு குப்பி போதும் என்று தோன்றும். எண்ணிக்கையில் பிழை சகஜம் என்பதால் அமெரிக்க முறைப்படி எப்போதும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும்; ஆகவே இரண்டு குப்பிகள். மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணி, அணுக்கள் மறைந்ததா என்று உறுதிசெய்வார்கள். 30 மி.லி. இழந்த குழந்தைக்கும் சோகை வரலாம். அதன் இதயத்துடிப்பையும் அன்றே பார்க்க வேண்டும். உதிரம் நிற்காமல் இடையிடையே தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இந்த எண்ணிக்கையைத் திரும்பச் செய்வது பிரிட்டனின் வழக்கம்.

இந்தச் சோதனைக்கும் வரம்பு உண்டு. பீட்டா தலசீமியா கூறு உள்ள தாயின் சொந்த அணுக்களிலேயே சிசு வகை ஹீமோகுளோபின் சிறிது மிகுந்திருக்கலாம். அவையும் சாயம் பிடித்து, கலப்பு உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். தலசீமியா அரிதல்லாத நம் நாட்டில் இதை மறக்கக்கூடாது. ஐயமிருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி தெளிவாகச் சொல்லும்.

இப்போது மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பது 12 வாரத்துக்கு முந்திய உதிரப்போக்கில்தான். ஏறத்தாழ ஆறாம் வாரத்திலேயே சிசுவின் சிவப்பணுவில் டி வந்துவிடுகிறது. ஆனால் சிசுவின் மொத்த ரத்தமே அப்போது மிகச் சொற்பம். பல ஆண்டுகள், எச்சரிக்கைக்காக 50 மைக்ரோகிராம் போட்டுவந்தார்கள். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 12 வாரத்துக்குள் கருக்கலைப்பு செய்துகொண்ட 506 பெண்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய எல்லோரிடமும் சிசுவின் அணு எதிர்ப்பைத் தூண்டும் அளவுக்குக் கீழேயே இருந்தது. 12 வாரத்துக்குள் கருக்கலைப்புக்கு ஆன்டி-டி வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022லேயே சொல்லியிருந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, லேசான உதிரம் வந்து கர்ப்பம் தொடரும் பெண்ணுக்கும் தானாகவே முழுவதும் கலைந்தவருக்கும் ஊசி தேவையில்லை என்கிறது. அறுவை முறையில் கருப்பையைச் சுத்தம் செய்தாலும், கருக்குழாயில் தங்கிய கருவுக்கு அறுவை செய்தாலும் போடச் சொல்கிறது. 12 வாரத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கில் எந்த முகாமிலும் சந்தேகமில்லை.

என் கருத்தில், இந்தப் புதிய வழிகாட்டுதலைத் தமிழகத்தின் கிராமப்புற மருத்துவமனைக்கு அப்படியே எடுத்துவர ஒரு நிபந்தனை வேண்டும்: கருவின் வயது ஸ்கேனில் உறுதியாயிருக்க வேண்டும். கடைசி மாதவிடாய் தேதி தெளிவாக நினைவில்லாத பெண் ‘மூன்று மாதம் இருக்கும்’ என்று சொல்லி உதிரத்தோடு வந்தால், அந்த மூன்று மாதம் 11 வாரமா 15 வாரமா என்று தெரியாது. அவருக்கு ஊசி போட்டு, போட்ட தேதியையும் அளவையும் தாய்-சேய் அட்டையில் எழுதிக் கொடுப்பதே சரி. அடுத்த மாதம் கூம்ப்ஸ் லேசாகப் பாசிட்டிவ் காட்டும்போது, அந்த ஒரு வரியைப் பார்த்தே ஆய்வகம் அதை விளங்கிக்கொள்ளும்.