ரோசன்வால்டு கிராமப் பள்ளிகளின் முன்னேற்ற அறிக்கைகள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 1912 முதல் 1932 வரை எழுப்பப்பட்ட கிராமப் பள்ளிகளைப் பற்றி, நிதி கொடுத்த ஜூலியஸ் ரோசன்வால்டுக்கும் பின்னர் அவர் நிறுவிய நிதியத்துக்கும் அனுப்பப்பட்ட அறிக்கைகள் இவை. கடிதம், செலவுக் கணக்கு, புகைப்படம், கட்டிட அட்டை என்று இவற்றின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. கட்டிடம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் எவ்வளவு போட்டார்கள், வேலை ஏன் நின்றது என்ற மூன்று கேள்விகள் மட்டும் மாறவில்லை.

தொடக்கம்

சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவரான ரோசன்வால்டு 1912 ஆகஸ்டில் தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி அலபாமாவின் டஸ்கிகி கல்விக் கழகத்துக்கு 25,000 டாலர் அளித்தார். அதில் 2,800 டாலர் மீந்தது. கழகத்தின் முதல்வர் புக்கர் டி. வாஷிங்டன் அந்த மீதியைக் கொண்டு சுற்றுவட்டாரத்தில் ஆறு சிறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். பள்ளி ஒன்றுக்குச் சுமார் 350 டாலர் கட்டிடத்துக்கும், ஏறத்தாழ 50 டாலர் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டும் ஆளின் பயணச் செலவுக்கும் என்பது அவருடைய கணக்கு. பின்னால் வந்த பல நன்கொடைத் திட்டங்கள் ஆட்செலவை வீண்செலவாகவே பார்த்தன. ஊரைத் திரட்டாமல் கட்டிடம் எழாது என்பது வாஷிங்டனுக்கு முதலிலேயே தெரிந்திருந்ததால், விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கினார். களப்பணியைப் பார்த்துக்கொண்டவர் டஸ்கிகியின் விரிவாக்கப் பணிப் பொறுப்பாளர் கிளிண்டன் கேலோவே.

ரோசன்வால்டு ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. முழுச் செலவையும் அவர் ஏற்கமாட்டார். ஊர் மக்களும் உள்ளூர் அதிகாரிகளும் தங்கள் பங்கைப் போட்ட பிறகே அவருடைய தொகை சேரும். ஆகவே அறிக்கை என்பது அவருடைய பணம் எங்கே போனது என்று சொல்வதோடு முடியவில்லை. மற்றவர்களின் பங்கு உண்மையிலேயே வந்ததா என்பதையும் அது நிறுவ வேண்டியிருந்தது.

லோச்சபோக்கா கணக்கு

முதலில் முடிந்தது லீ மாவட்டத்து லோச்சபோக்கா பள்ளி. 1913இல் எழுந்த இந்த ஓராசிரியர் பள்ளிக்கு ஆன மொத்தச் செலவு 942.50 டாலர். அதில் ரோசன்வால்டு தந்தது 300. உள்ளூர் வெள்ளையர் தந்தது 360. கறுப்பின மக்கள் நிலம் வாங்கத் திரட்டியது 150. மீதி 132.50 டாலர் பணமாக வரவில்லை. அவர்கள் செய்த வேலையை மதிப்பிட்டு எழுதிய தொகை அது.

இந்தக் கடைசி வரிதான் அறிக்கையின் உயிர். அதை விட்டுவிட்டால் மொத்தச் செலவு 810 டாலராகச் சுருங்கும், ரோசன்வால்டின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 37 ஆக ஏறும், பருத்தி வயலில் வேலை முடித்து வந்து உழைத்தவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள். உடலுழைப்பைப் பணமாக எழுதும்போது ஒரு இடறலும் உண்டு. எத்தனை ஆள், எத்தனை நாள், என்ன கூலி வீதம் என்ற விவரம் கூடவே இல்லாமல் தொகை மட்டும் இருந்தால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. சந்தேகப்படும் நன்கொடையாளர் முதலில் விரல் வைக்கும் இடம் அதுவே.

கட்டி முடித்த பள்ளிகளின் படங்களும் ரோசன்வால்டு இருந்த சிகாகோவுக்குப் போயின. அவற்றையும் வாஷிங்டனின் கடிதங்களையும் பார்த்து நிறைவடைந்த ரோசன்வால்டு, 1914இல் மேலும் நூறு பள்ளிகள் வரை கட்டுவதற்கு 30,000 டாலர் தர முன்வந்தார்.

தாமதங்கள்

தாமதத்துக்கு முதற்காரணம் பருத்தி. அந்த ஊர்களில் பெரும்பாலானவர்கள் குத்தகை விவசாயிகள். அறுவடை முடியும் இலையுதிர் காலத்தில்தான் கையில் காசு புழங்கும். வசந்தத்தில் தருவதாகச் சொன்ன பங்கு இலையுதிர் காலம்வரை காத்திருக்கும், பருத்திக் கூன்வண்டு வயலில் இறங்கிவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இரண்டாவது காரணம் பத்திரம். நிலமும் கட்டிடமும் பொதுப்பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட வேண்டும் என்பது விதி. ஊரார் வாங்கிய நிலத்தை வெள்ளையர் வசமிருந்த நிர்வாகத்துக்கு மாற்றிக் கொடுப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. மூன்றாவதாக முதல் உலகப் போர் காலத்து விலையேற்றம் மரத்தின் மதிப்பீட்டைக் குலைத்தது. ஒப்புதல் வாங்கியபோது போதுமென்றிருந்த தொகை, கூரை போடும்போது போதாமல் போனது.

1919 தணிக்கை

பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் டஸ்கிகியின் கணக்கெழுத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. கட்டிடங்களை நேரில் பார்க்க 1919இல் நாஷ்வில்லின் பீபாடி கல்லூரிப் பேராசிரியர் ஃபிளெட்சர் டிரெஸ்லர் அனுப்பப்பட்டார். 1920இல் வெளியான அவருடைய அறிக்கை பல பள்ளிகள் ஒப்புதல் பெற்ற வரைபடத்திலிருந்து விலகியிருந்ததையும், சன்னல்கள் தவறான இடங்களில் இருந்ததையும், வேலைத்தரம் தாழ்ந்திருந்ததையும் எடுத்துக்காட்டியது. மின்சாரம் இல்லாத அந்த ஊர்களில் வகுப்பறைக்கு விளக்கு சன்னல்தான். ஒரே பக்கம் வரிசையாகச் சன்னல் வைத்து, வெளிச்சம் பிள்ளையின் இடது தோள்மேல் விழ வேண்டும். அப்போதுதான் எழுதும் கையின் நிழல் தாளில் படாது. சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை முன்புறத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் உள்ளே போய் நிற்க வேண்டும்.

அதே ஆண்டு நிர்வாகம் டஸ்கிகியிலிருந்து நாஷ்வில்லுக்குப் போனது. எஸ். எல். ஸ்மித் பொறுப்பேற்றார். மாற்றத்துக்குக் காரணம் கணக்குக் குறையும் கட்டுமானக் குறையுமே. கறுப்பினத் தலைமையிடமிருந்து ஒரு பெரிய பணி வெள்ளையர் அலுவலகத்துக்குக் கைமாறியதன் இழப்பும் அதோடு சேர்ந்தே வந்தது. இதன்பின் ஒவ்வொரு மாநிலக் கல்வித்துறையிடமும் நிதியம் முன்பணம் வைத்தது. கட்டிடம் முடிந்து தளவாடங்களும் வந்துவிட்டன என்று சான்று கிடைத்த பிறகே அதிலிருந்து தொகை விடுவிக்கப்பட்டது. செலவுப் பட்டியல் வந்ததும் முன்பணம் மறுபடி நிரப்பப்பட்டது. தாமதச் செலவின் சுமை இதனால் ஊர்மேல் விழுந்தது என்றாலும், பாதியில் நின்ற கட்டிடத்துக்குப் பணம் போவது நின்றது.

கட்டிட அட்டைகள்

பள்ளிக்கு ஓர் அட்டை. மேலே புகைப்படம், கீழே மாவட்டம், நிலத்தின் பரப்பு, ஆசிரியர் எண்ணிக்கை, மொத்தச் செலவு. பங்களிப்புக்கு நான்கு வரிகள்: கறுப்பினத்தார், வெள்ளையர், அரசு, ரோசன்வால்டு. லோச்சபோக்காவில் தொடங்கிய வகைப்பாடே இங்கே அச்சிட்ட படிவமாக நிலைத்தது. 1932 வரையிலான கூட்டுத்தொகையில் 4,977 பள்ளிகளும், ஆசிரியர் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களுமாக மொத்தம் 5,357 கட்டிடங்கள். செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் அரசின் பங்கு சுமார் 64 சதவீதம், கறுப்பின மக்களுடையது 17, ரோசன்வால்டுடையது 15, மற்ற வெள்ளையருடையது 4. பெயர் தாங்கிய நன்கொடையாளரைவிட ஊர் மக்கள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். வரியாகக் கட்டியதுபோக இது அவர்கள் கொடுத்த இரண்டாவது வரி. உழைப்புக்கும் தனி நன்கொடைக்கும் ஆரம்பத்திலேயே தனி வரி ஒதுக்கியிராவிட்டால் இந்த உண்மை வெளியே தெரிந்திருக்காது.

இன்றைய நிலை

அட்டைகள் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கட்டிடங்களில் சில நூறு மட்டும் எஞ்சியுள்ளன. 2002இல் இவை அழியும் நிலையிலுள்ள வரலாற்றிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.