சுமை தாங்கும் மூட்டுக்கான சர்வோ தெரிவு

பொழுதுபோக்குச் சர்வோ என்பது சிறிய நேர்மின்னோட்ட மோட்டார், பற்சக்கரத் தொகுதி, அச்சின் கோணத்தை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர், கட்டுப்பாட்டுச் சுற்று ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய இயக்கி ஆகும். தொலைக்கட்டுப்பாட்டு விமானங்களின் சிறகுப் பரப்புகளையும் மகிழுந்து மாதிரிகளின் முன்சக்கரங்களையும் திருப்புவதற்காக உருவான இது, இன்று கல்லூரி மாணவர்களின் எந்திரக் கைகளிலும் நடக்கும் எந்திரன்களிலும் மிகுதியாகப் பயன்படுகின்றது. விமானத்தின் சிறகுப் பரப்பைத் திருப்புவது சில நொடி வேலை. எந்திரக் கையின் தோள் மூட்டோ, எதுவும் அசையாத போதும் புவியீர்ப்புக்கு எதிராகச் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தெரிவில் நேரும் பெரும்பாலான பிழைகள் இந்த வேறுபாட்டைக் கருதாததால் வருவன.

முறுக்குவிசையும் அதன் அலகும்

சர்வோக்களின் முறுக்குவிசை வழமையாகக் கிலோகிராம்-சென்டிமீட்டர் (கிகி-செமீ) என்ற அலகில் தரப்படுகின்றது. இது அனைத்துலக முறை அலகு அன்று. 1 கிகி-செமீ ஏறத்தாழ 0.098 நியூட்டன்-மீட்டருக்குச் சமம். கடைகளில் "20 கிலோ சர்வோ" என்று சுருக்கிச் சொல்வதால், அது 20 கிலோ எடையைத் தூக்கும் என்று புதியவர்கள் எண்ணிவிடுவது உண்டு. அச்சின் நடுவிலிருந்து 1 செமீ தொலைவில் தொங்கும் 20 கிலோவையே அந்த எண் குறிக்கின்றது. 10 செமீ நீளக் கையின் நுனியில் அதே சர்வோவுக்கு 2 கிலோவே எல்லை. 25 செமீ தொலைவில் 800 கிராம்.

தரவுத்தாளில் உள்ள எண் "ஸ்டால்" நிலைக்குரியது. அதாவது சுமை மிகுந்து அச்சு அசையாமல் முடங்கிப்போகும் கணத்தில் மோட்டார் தரும் உச்ச முறுக்குவிசை. இக்கட்டுரையில் அது முடக்க முறுக்குவிசை எனப்படுகின்றது. மோட்டாரின் வேகம் கூடக் கூட அது தரும் முறுக்குவிசை நேர்கோட்டில் குறைந்துகொண்டே போகும். ஆகவே முடக்க மதிப்புக்கு அருகில் உள்ள சுமையைச் சர்வோ பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மேலே தூக்க அதனிடம் மிச்சம் ஏதும் இராது.

ஓர் எடுத்துக்காட்டு

சேலம், அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் மாம்பழப் பருவத்தின்போது, 250 கிராம் எடையுள்ள பழம் ஒன்றை எடுத்து வேறு தட்டில் வைக்கும் சிறு எந்திரக் கையை மாணவர் ஒருவர் செய்வதாகக் கொள்வோம். தோளிலிருந்து முழங்கை 10 செமீ. முழங்கையிலிருந்து மணிக்கட்டு 10 செமீ. பழம் அமரும் இடம் அதற்கு அப்பால் 5 செமீ. கை முழுதும் நீட்டிக் கிடைமட்டமாக இருக்கும் நிலையே தோளுக்கு மிகக் கடினமானது. எனவே கணக்கை அந்நிலைக்கே செய்ய வேண்டும். ஒவ்வொரு உறுப்பின் எடையையும் தோளிலிருந்து அதன் நடுப்புள்ளிக்குள்ள தொலைவால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

```
மேற்கை       0.040 கிகி ×  5 செமீ = 0.20
முழங்கைச் சர்வோ 0.055 கிகி × 10 செமீ = 0.55
முன்கை       0.030 கிகி × 15 செமீ = 0.45
பற்றுறுப்பு     0.070 கிகி × 22 செமீ = 1.54
மாம்பழம்      0.250 கிகி × 25 செமீ = 6.25
மொத்தம்                      8.99 கிகி-செமீ
```

பரவலாகக் கிடைக்கும் டவர்ப்ரோ எம்ஜி996ஆர் சர்வோவின் முடக்க முறுக்குவிசை 4.8 வோல்ட்டில் 9.4, 6 வோல்ட்டில் 11 கிகி-செமீ எனத் தரவுத்தாள் கூறுகின்றது. 9 என்பது 11-ஐ விடக் குறைவு என்பதால் இது போதும் என்று தோன்றும். உண்மையில் போதாது. சுமை முடக்க மதிப்பில் 82 விழுக்காடாக உள்ளது. கை மெல்ல நடுங்கி ஏறும், அல்லது பாதியில் நின்றுவிடும். ஏறிவிட்டாலும் சில நிமிடங்களில் பெட்டி தொட முடியாதபடி சூடேறும். தொடர்ந்து சுமை தாங்கும் மூட்டுக்குக் கணக்கிட்ட சுமையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு முடக்க முறுக்குவிசை உள்ள சர்வோவைத் தெரிவது நல்ல நடைமுறை. இங்கு அது 18 முதல் 27 கிகி-செமீ வரை. கடைகளில் "25 கிலோ" என்ற வகையில் கிடைக்கும் சர்வோ தோளுக்குப் பொருந்தும். அது அடித்தளத்தில் அமர்வதால் அதன் கூடுதல் எடை கணக்கில் சேராது.

இதே கணக்கை முழங்கைக்குச் செய்தால் 0.15, 0.84, 3.75 எனக் கூடி 4.74 கிகி-செமீ வரும். 6 வோல்ட்டில் எம்ஜி996ஆர் இதை 43 விழுக்காட்டில் தாங்கும். அங்கு அதுவே தகுந்தது.

பெரிய சர்வோ வாங்குவது மட்டுமே வழி அன்று. பழத்தின் 6.25, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை விடக் கூடுதல் என்பதைக் காண்க. முன்கையை 5 செமீ குறைத்தால் தோளின் சுமை ஏறத்தாழ 7.3 ஆகக் குறையும். மேற்கையை மேல்நோக்கி இழுக்கும் ஒரு சுருள்வில், கை கிடைமட்டமாக இருக்கும்போது 4 கிகி-செமீ அளவு உதவினால் மிச்சம் 5 மட்டுமே. அப்போது எம்ஜி996ஆர் கூடத் தோளுக்கு ஈடுகொடுக்கும். வெறுங்கையின் சுமை 2.74 ஆதலால், பழம் இல்லாத நேரத்தில் சர்வோ வில்லுக்கு எதிராகக் கீழ்நோக்கிச் சிறிது தள்ள வேண்டியிருக்கும், அது தாங்கத்தக்கதே. மேசை விளக்குகளில் வில் பொருத்துவதும் இதே காரணத்திற்காகத்தான்.

முடக்க மின்னோட்டமும் சூடும்

மோட்டார் சுழலும்போது அதனுள் எழும் எதிர் மின்னியக்குவிசை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றது. முடங்கிய மோட்டாரில் அது இல்லை. சுருளின் மின்தடை ஒன்றே மின்னோட்டத்தைத் தடுக்கும். எம்ஜி996ஆருக்கு 6 வோல்ட்டில் முடக்க மின்னோட்டம் 2.5 ஆம்பியர்; எனவே அதன் தடை சுமார் 2.4 ஓம் எனக் கொள்ளலாம். முடங்கியிருக்கையில் 15 வாட் முழுவதும் சூடாகவே மாறும். ஒரு சிறு பற்றவைப்புக் கோல் அளவுக்கு நெருங்கிய இந்தச் சூடு, காற்றோட்டமற்ற பெட்டிக்குள் அடைபடுகின்றது.

மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்திலும், சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். 82 விழுக்காடு சுமையில் சூடு ஏறத்தாழ 10 வாட். பாதிச் சுமையில் 3.75 வாட், மூன்றில் ஒரு பங்கில் 1.7 வாட் மட்டுமே. மேலே கூறிய "இரண்டு முதல் மூன்று மடங்கு" என்ற நடைமுறைக்கு இதுவே காரணம். சுமையை அசையாமல் பிடிக்கையில் பற்சக்கர உராய்வும் உதவுவதால் உண்மை மின்னோட்டம் இதைவிடச் சற்றுக் குறையும். ஆயினும் கோடையில் 40 °செ-ஐ நெருங்கும் சேலத்து வெயிலில் அந்தச் சலுகையை நம்பியிருப்பது முறையன்று.

முடக்க மின்னோட்டம் மின்வழங்கியையும் தீர்மானிக்கின்றது. யூஎஸ்பி வழியாக இயங்கும் ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து சர்வோவுக்கு மின்சாரம் எடுப்பது மிகப் பரவலான பிழை ஆகும். கணினியின் யூஎஸ்பி 2.0 வாயில் 500 மில்லியாம்பியருக்கே வரையறுக்கப்பட்டது. கை அசையத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து பலகை மீளத் தொடங்கும். கை தொடக்க நிலைக்குத் துள்ளும். மீண்டும் அதே சுற்று. இதைப் பலரும் நிரற்பிழை என எண்ணி நிரலைத் திருத்திக்கொண்டிருப்பர். சர்வோவின் செருகியிலேயே பல்லளவைமானியை வைத்து, கை தூக்கும் கணத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். மெல்லிய இணைப்புக் கம்பிகளும் பிரெட்போர்டும் சேர்ந்து 0.4 ஓம் தடை தந்தால், 2 ஆம்பியரில் 0.8 வோல்ட் அங்கேயே தொலைகின்றது. 6 வோல்ட் 5.2 ஆகும்போது முடக்க முறுக்குவிசையும் அதே விகிதத்தில் குறையும்.

நமது கையில் தோள், முழங்கை, அடித்திருப்பி ஆகிய மூன்று பெரிய சர்வோக்களும் ஒரு சிறிய சர்வோவும் உள்ளன. எல்லாம் ஒருங்கே முடங்கினால் 8 ஆம்பியர் வரை செல்லலாம். மின்சாரம் கொடுத்த உடனே எல்லாச் சர்வோக்களும் ஒரே நேரத்தில் தத்தம் நிலைக்குப் பாய்வதால், இது வெறும் கற்பனை நிலை அன்று. 6 வோல்ட், 10 ஆம்பியர் மின்வழங்கி பாதுகாப்பானது. நிரலில் சர்வோக்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால் 5 ஆம்பியரிலும் சமாளிக்கலாம். சர்வோக்களுக்கு மின்சாரம் தனி வழியில் செல்ல வேண்டும். பலகையின் தரை முனையும் மின்வழங்கியின் தரை முனையும் இணைக்கப்பட வேண்டும்.

பற்சக்கரப் பொருள்

சிறிய எஸ்ஜி90 போன்றவற்றில் நைலான் பற்சக்கரங்கள் உள்ளன. இவை எடை குறைந்தவை, ஓசை குறைந்தவை. ஆனால் கை எதிலாவது மோதினால் பல் உடையும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் "டக்" என்ற ஒலியுடன் அச்சு வழுக்கினால் அங்கு பல் போயிற்று என்று அறியலாம். ஹைடெக் நிறுவனத்தின் கார்போனைட் பற்சக்கரங்கள் நைலானை விட வலிமை மிக்க, நெகிழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பித்தளை, எஃகு முதலிய உலோகப் பற்சக்கரங்கள் மோதலைத் தாங்கும். ஆனால் தேயத் தேயப் பற்களுக்கிடையே ஆட்டம் கூடும். அச்சில் 1 பாகை ஆட்டம், 25 செமீ தொலைவில் 4 மில்லிமீட்டருக்கு மேலாகும். பழத்தைப் பற்றுவதற்கு அது பொருட்டன்று. எழுதும் கைக்கு அதுவே பெருங்குறை.

உலோகம் என்றாலே வலிமை, நெகிழி என்றாலே நலிவு என்று கொள்வதும் சரியன்று. பிரான்சின் கேல் லான்ஜ்வான் 2012-ல் தொடங்கிய, முப்பரிமாண அச்சில் செய்யப்படும் இன்மூவ் என்ற மனித உருவ எந்திரனின் முழங்கையில் ஹைடெக் எச்எஸ்-805பிபி என்ற பெரிய சர்வோ பயன்படுகின்றது. 6 வோல்ட்டில் 24.7 கிகி-செமீ தரும் அதன் பற்சக்கரங்கள் நெகிழியால் ஆனவை. பற்கள் பெரியவையாக இருப்பதால் அவை தாங்குகின்றன.

பற்சக்கரத்திற்கு முன்பே உடைவது பெரும்பாலும் அச்சில் மாட்டும் நெகிழிக் கைதான். உலோக அச்சின் வரிப்பற்கள் அதைச் சுரண்டி வழுக்கச் செய்யும்; சுமை மூட்டுக்கு அலுமினியக் கை வேண்டும். டவர்ப்ரோ, ஃபூட்டாபா அச்சுகளில் 25 பற்களும், ஹைடெக்கின் வழமையான அளவில் 24 பற்களும் இருப்பதால் ஒன்றின் கை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

முறுக்குவிசை எண், அச்சைப் பக்கவாட்டில் வளைக்கும் எடையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. கையின் முழு எடையும் ஒரே பக்கம் சர்வோ அச்சில் தொங்கினால், பெட்டிக்குள் உள்ள தாங்கி தேய்ந்து பற்சக்கரங்கள் சாய்ந்து பொருதும். அச்சுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறு பந்துத் தாங்கியை வைத்து, கையை இருபுறமும் கவ்வும் வடிவில் சட்டத்தை அமைத்தால் சர்வோ திருப்பும் வேலையை மட்டும் செய்யும்.

வாங்கியபின் சோதித்தல்

எம்ஜி996ஆர் பெயரில் போலிகள் மிகுதி. ஆகவே அச்சிட்ட எண்ணை அப்படியே கொள்ளாமல் அளந்து பார்க்கலாம். சர்வோவை மேசையில் இறுகக் கட்டி, 10 செமீ நீளக் கையைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் நுனியில் கொக்கித் தராசை மாட்டி மெல்ல இழுக்க வேண்டும். கை விட்டுக்கொடுக்கும் கணத்தில் தராசு காட்டும் கிலோகிராமைப் பத்தால் பெருக்கினால் அது தாங்கும் உச்ச முறுக்குவிசை கிடைக்கும். உராய்வும் துணைநிற்பதால் இவ்வெண், தூக்கும் திறனை விடச் சற்று மிகையாகவே இருக்கும். மின்கம்பியில் 10 ஆம்பியர் அளவில் பல்லளவைமானியைத் தொடராக இணைத்தால் முடக்க மின்னோட்டமும் அப்போதே தெரியும். ஓரிரு நொடிகளுக்கு மேல் முடக்கி வைத்தல் கூடாது. பின்னர், உண்மையான சுமையுடன் கையைக் கிடைமட்டமாகப் பத்து நிமிடம் நிறுத்தி, பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது அடுத்த அளவு சர்வோவுக்கு மாற வேண்டும்.